செல்போன் தீயின் கணக்கு

செல்போன் கேம் ஒன்றில் எரியும் நெருப்பை ஒரு நொடி நிறுத்தி வைத்து உற்றுப் பாருங்கள். தீ என்று தனியாக அங்கே எதுவும் இருக்காது. ஓரம் கரைந்த ஆரஞ்சுத் தீற்றல் உள்ள ஒரு சதுரப் படம்தான் இருக்கும். அதே படம் அளவு மாறி, சாய்வு மாறி, நிறம் கொஞ்சம் மாறி, ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது ஐம்பது தடவை கிடக்கும். புகையும் அப்படித்தான், மந்திரவாதியின் கையிலிருந்து கிளம்பும் நீல ஒளியும் அப்படித்தான். இந்தச் சதுரங்களுக்குத் துகள் என்று பெயர். அவற்றைப் பிறப்பித்து, நகர்த்தி, கொல்லும் ஏற்பாட்டுக்குப் பார்ட்டிகிள் சிஸ்டம் என்று பெயர்.

இது சினிமாவிலிருந்து வந்த உத்தி. 1982-ல் வெளிவந்த ‘ஸ்டார் டிரெக் 2’ படத்தில், உயிரற்ற கோள் ஒன்றை நெருப்பு அலை சூழ்ந்து பரவும் காட்சி வரும். லூகாஸ்ஃபில்மின் கணினிப் பிரிவில் இருந்த வில்லியம் ரீவ்ஸ் அந்த நெருப்பைத் துகள்களால் செய்தார். நாற்காலி, வீடு, கார் போன்றவற்றுக்குத் தெளிவான மேற்பரப்பு உண்டு. நெருப்புக்கும் மேகத்துக்கும் அது கிடையாது. அதனால் உருவத்தை வரைவதற்குப் பதில், ஆயிரக்கணக்கான துகள்களுக்குப் பிறந்த இடம், வேகம், நிறம், ஆயுள் ஆகியவற்றைக் கொஞ்சம் தற்செயல் கலந்து கொடுத்துவிட்டால், அவை கூட்டமாகச் சேர்ந்து நெருப்பாகத் தெரியும் என்பது அவர் யோசனை. மறு வருடம் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். இன்றைக்கு எந்தக் கேம் எஞ்சினைத் திறந்தாலும் அந்தக் கட்டுரையின் அமைப்பு பெரிய மாற்றமில்லாமல் உள்ளே இருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. சினிமாக்காரருக்கு ஒரு ஃபிரேமை வரைய எவ்வளவு நேரம் ஆனாலும் பாதகமில்லை. இரவெல்லாம் கணினி ஓடட்டும் என்று வீட்டுக்குப் போய்விடலாம். செல்போன் கேமுக்கு நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட். 30 ஃபிரேம் போதும் என்று இறங்கி வந்தாலும் 33.3 மில்லி செகண்ட்தான். அதற்குள் தரை, மரம், வீரன், எதிரி எல்லாவற்றையும் வரைந்து முடித்து, மிச்சமிருக்கும் நேரத்தில் நெருப்பும் எரிய வேண்டும்.

“எண்பது துகள்தானேண்ணே, அதுக்கே போன் திணறுமா?” என்று இந்த வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். துகள்களின் எண்ணிக்கைதான் செலவு என்று எல்லாருமே முதலில் நினைக்கிறார்கள். எஞ்சினிலும் அதிகபட்சத் துகள் எண்ணிக்கை என்ற பெட்டிதான் கண்ணில் படும்படி இருக்கிறது. உண்மையில், மலிவு விலைப் போன்களில் துகள் விளைவுகளைத் திணறடிப்பது பெரும்பாலும் எண்ணிக்கை இல்லை. அந்தத் துகள்கள் திரையில் அடைக்கும் பரப்புதான்.

சுவருக்குப் பெயின்ட் அடிப்பவரிடம் கூலி பேசும்போது, எத்தனை சதுர அடி, எத்தனை கோட்டு என்று இரண்டையும் கேட்பார் இல்லையா, இங்கேயும் அதே கணக்குதான். திரையில் கல், மரம் மாதிரிப் பொருள்களை வரையும்போது, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை முழுக்க மறைத்தால், மறைந்த பகுதியை வரையாமலே விட்டுவிட போனின் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தெரியும். துகள் அப்படியில்லை. அது பாதி ஊடுருவித் தெரிவது. பின்னால் உள்ளதும் தெரிய வேண்டும், முன்னால் உள்ளதும் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கலந்தே ஆக வேண்டும். ஒரே பிக்சலில் இருபது துகள் குவிந்தால், அந்த ஒரு பிக்சலுக்கு இருபது தடவை வேலை. இதற்குத் தொழிலில் ‘ஓவர்டிரா’ என்று பெயர்.

ஒரு நெருப்பை எடுத்துக்கொண்டு கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். காட்டுக்குள் ஒரு முகாம். நடுவில் விறகு எரிகிறது. போனின் திரை 720-க்கு 1600 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11,52,000 பிக்சல்.

பழக்கமில்லாதவர் இப்படிச் செய்வார். நொடிக்கு 40 துகள் பிறக்கட்டும், ஒவ்வொன்றும் 2 நொடி வாழட்டும். எப்போதும் திரையில் உயிரோடு இருப்பது 80 துகள். இந்தப் பெருக்கலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பிறப்பு வேகத்தை ஆயுளால் பெருக்கினால் உயிரோடு இருக்கும் எண்ணிக்கை. தீ அடர்த்தியாகத் தெரியவில்லை என்று ஒவ்வொரு துகளையும் 250-க்கு 250 பிக்சலாகப் பெரிதாக்குவார். ஒரு துகளுக்கு 62,500 பிக்சல். எண்பதுக்கும் சேர்த்து 50 லட்சம் பிக்சல். முழுத் திரையை நான்கு தடவைக்கு மேல் வரைவதற்குச் சமம். இத்தனையும் திரையில் சுமார் 300-க்கு 450 பிக்சல் இடத்துக்குள் நடக்கிறது. அதாவது அந்த இடத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சராசரியாக 37 கோட்டு. வீரன் நெருப்பின் அருகே போனால் கேமராவும் கூடப் போகும். சதுரங்கள் இரண்டு மடங்கு பெரிதாகும். நீளமும் அகலமும் இரட்டிப்பதால் பரப்பு நான்கு மடங்காகும். தூரத்தில் நன்றாக ஓடிய கேம் நெருப்பின் பக்கத்தில் போனதும் இழுப்பதற்கு இதுவே காரணம்.

இந்த 37 கோட்டில் கண்ணுக்குத் தெரிவது எத்தனை? மிகக் கொஞ்சம்தான். தீத் துகள்களைப் பொதுவாகக் கூட்டல் முறையில் கலப்பார்கள். பின்னால் உள்ள நிறத்தின் மேல் துகளின் நிறத்தைக் கூட்டிக்கொண்டே போவது. ஆரஞ்சின் மேல் ஆரஞ்சு சேரச் சேர மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகி, அதற்கு மேல் கூட்ட இடமில்லாமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு விழும் துகள்கள் எல்லாம் வெள்ளையின் மேல் வெள்ளை. தீயின் நடுவே வெளிறிய வெண்திட்டு தெரிந்தால், அங்கே உழைப்பு வீணாகிறது என்று படிக்கலாம். அழகும் கெடுகிறது, காசும் போகிறது.

இனி அதே நெருப்பைச் சிக்கனமாகச் செய்து பார்ப்போம்.

எண்பது தீற்றல்கள் சேர்ந்து சுடராகத் தெரிய வேண்டும் என்று காத்திருப்பதை முதலில் விட்டுவிடுகிறோம். சுடரையே படமாக வைத்துக்கொள்கிறோம். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் புகை, நெருப்பின் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி இருக்கிறது. மேசைக் கணினியில் அதை நிதானமாக ஓடவிட்டு, நெளிந்து எழும் ஒரு சுடரின் 16 நிலைகளைப் படமெடுத்து, நான்குக்கு நான்காக ஒரே தாளில் அடுக்கினால் அதற்கு ஃபிளிப்புக் என்று பெயர். துகள் தன் ஆயுளுக்குள் இந்தப் பதினாறையும் வரிசையாகக் காட்டிவிட்டுச் சாகும். தாள் 512-க்கு 512 பிக்சல் என்றால் ஒவ்வொரு நிலைக்கும் 128 பிக்சல் கிடைக்கும். அதைத் திரையில் பெரிதாக்கினால் மங்குமே என்று தோன்றும். தீயின் விளிம்பு இயல்பிலேயே மங்கலானதால் அது உறுத்தாது. சுருக்காமல் வைத்தால் இந்தத் தாள் 1 எம்பி நினைவகம் கேட்கும். போன்களுக்கான சாதாரணச் சுருக்க முறையில் 256 கேபி.

பதினாறு நிலைகள் மட்டும் என்பதால் அசைவு தத்தித் தத்திப் போவதுபோல் தெரியலாம். அடுத்தடுத்த இரண்டு நிலைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரைத்தால் அது சரியாகிவிடும். ஒரு பிக்சலுக்கு ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை படத்தைப் படிக்க வேண்டியிருக்கும். துகள்களின் எண்ணிக்கை இவ்வளவு குறைந்துவிட்ட பிறகு அதைத் தாங்கலாம்.

இப்போது நெருப்புக்கு 6 சுடர்த் துகள் போதும். ஒவ்வொன்றும் 260-க்கு 360 பிக்சல். ஆறும் ஒரே நேரத்தில் ஒரே நிலையைக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்; ஒவ்வொன்றும் வேறு நிலையில் தொடங்க வேண்டும், சிலவற்றை இடம் வலமாகத் திருப்பிவிட வேண்டும். ஆறுக்கும் சேர்த்து 5,61,600 பிக்சல். மேலே பறக்கும் பொறிகள் 15, ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. மொத்தமே 1,500 பிக்சல்தான். பொறியைத் தாராளமாகத் தூவலாம் என்பது இதிலிருந்து தெரியும். நூறு பொறி பறந்தாலும் பரப்பில் ஒரு சுடரின் பக்கத்தில்கூட வராது. பார்ப்பவருக்கோ தீ உயிரோடு இருப்பதாகத் தோன்றுவதே பொறிகளால்தான். புகைக்கு 5 துகள், சராசரியாக 200-க்கு 200, இரண்டு லட்சம் பிக்சல். தரையில் படும் வெளிச்சத்துக்கு உண்மையான விளக்கு எதுவும் வைக்கவில்லை. விளக்கு வைத்தால் அதன் எல்லைக்குள் வரும் ஒவ்வொரு பொருளின் கணக்கும் கூடும். தரைமேல் படுத்துக் கிடக்கும் ஒரு மஞ்சள் ஒளிவட்டம், 400-க்கு 200, லேசாகத் துடித்தால் போதும்.

மொத்தம் 8,43,100 பிக்சல். முன்பு 50 லட்சம். இப்போது அதில் ஆறில் ஒரு பங்கு. முழுத் திரையின் முக்கால் பங்கைக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் வைத்துக் காட்டினால் இரண்டாவதுதான் நெருப்பு மாதிரி இருக்கும், ஏனென்றால் அதில் சுடருக்கு ஒரு உருவம் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் மிச்சப்படுத்த ஓர் இடம் உண்டு. துகளின் படம் வட்டமாகவோ சுடராகவோ இருந்தாலும், அது ஒட்டப்பட்டிருப்பது சதுரத்தில். நான்கு மூலைகளிலும் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சிப் அந்தக் காலி மூலைகளையும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்கிறது. சதுரத்துக்குள் அடங்கும் வட்டம் அதன் பரப்பில் சுமார் 78.5 சதவீதம்தான். சதுரத்துக்குப் பதில் எண்கோணமாக வெட்டினால், வட்டத்தில் ஒன்றும் குறையாமல் 17 சதவீதப் பரப்பு மிச்சமாகும். எமில் பெர்சன் என்ற கிராஃபிக்ஸ் நிபுணர் 2009-ல் இதற்கென்றே ஒரு சிறு கருவி எழுதி வெளியிட்டார். படத்தைக் கொடுத்தால் அதைச் சுற்றி மிகக் குறைந்த பரப்பில் ஒரு பல்கோணத்தை வெட்டித் தரும். மேலே கூம்பி நிற்கும் சுடருக்கு மிச்சம் இன்னும் அதிகம். மூலை நான்காக இருந்தது எட்டானால் போனுக்கு ஒரு சுமையும் இல்லை. பிக்சல் குறைவதுதான் ஆதாயம்.

புகைக்கு வருவோம். தீயைவிடப் புகைதான் மோசமான செலவாளி.

தீத் துகள் பிறந்து மேலே போகப் போகச் சிறுக்கும். புகைத் துகள் பெருக்கும். பிறக்கும்போது 100 பிக்சல் அகலம், சாகும்போது 400 என்று வைத்தால், பரப்பு பதினாறு மடங்காகிறது. பெருத்துப் பெருத்து மங்கிக்கொண்டே போவதுதான் புகையின் இயல்பு என்பதால், மிக அதிகப் பரப்பை அடைக்கும் நேரத்தில் அது கண்ணுக்கே தெரியாத அளவு மங்கியிருக்கும். மூன்று நொடி ஆயுளில் கடைசி ஒரு நொடி, தெரியாத ஒன்றை வரையத்தான் சிப் பாடுபடும். முழுக்க மறைந்துபோன துகளும் உயிரோடு இருக்கும்வரை அதே கூலியை வாங்கும். ஆகவே புகையைச் சீக்கிரம் கொல்ல வேண்டும். மங்கும் வேகத்தைக் கூட்டி, ஆயுளை மூன்றிலிருந்து இரண்டு நொடியாகக் குறைத்தாலே பாதிக்கு மேல் மிச்சமாகும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. துகள் கேமராவை நெருங்கும்போது திரையை அடைக்காமலிருக்க, திரையில் இத்தனை பங்குக்கு மேல் பெரிதாகக் கூடாது என்ற வரம்பும் எஞ்சின்களில் உண்டு. யூனிட்டியில் அதன் பெயர் `Max Particle Size`. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

புகையைக் கூட்டல் முறையில் கலக்க முடியாது. கூட்டினால் வெளிச்சம்தான் வரும். புகை பின்னால் உள்ளதை மறைக்க வேண்டும். எனவே தீக்கு ஒரு கலப்பு முறை, புகைக்கு இன்னொன்று என்று இரண்டு தனி வேலைகளாகப் பிரிப்பது வழக்கம். முறை மாறும்போதெல்லாம் பிராசசர் சிப்பிடம் புதிதாக ஓர் உத்தரவு கொடுக்க வேண்டும். நெருப்பு பத்து இடத்தில் எரிந்தால் இந்த உத்தரவுகளே குவிந்துவிடும். மலிவான போன்களில் பல, எட்டுக் கோர் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தாலும், எட்டுமே கார்ட்டெக்ஸ் ஏ53 போன்ற சிக்கன ரகமாக இருக்கும். உத்தரவு கொடுக்கும் வேலையே அவற்றுக்குப் பாரம்தான்.

இதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். ஒரே கலப்பு முறையில் இரண்டையும் செய்துவிடலாம்:

```
Blend One OneMinusSrcAlpha

c.rgb = tex.rgb * tex.a * tint.rgb;
c.a   = tex.a * tint.a;
```

இதன் பொருள் எளிது. துகளின் நிறத்தை அப்படியே கூட்டு. பின்னால் உள்ளதை, துகளின் மறைக்கும் அளவு எவ்வளவோ அவ்வளவு குறை. `tint.a` பூஜ்யம் என்றால் பின்னால் எதுவும் குறையாது, வெறும் கூட்டல், அது தீ. `tint.a` ஒன்று என்றால் பின்னால் உள்ளது மறையும்; அது புகை. நடுவில் எந்த அளவும் வைக்கலாம். ஒரே துகள் பிறக்கும்போது தீயாகவும், ஆயுள் பாதி கழிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரும்புகையாகவும் மாறலாம். நிஜத் தீயும் அப்படித்தான் புகையாகிறது. தீ, புகை, பொறி மூன்றின் படங்களையும் ஒரே தாளில் அடுக்கி, மூன்றையும் ஒரே சிஸ்டமே பிறப்பிக்குமாறு செய்துவிட்டால், முழு நெருப்புக்கும் ஒரே உத்தரவு போதும். கவனிக்க வேண்டியது ஒன்று: புகை மங்கும்போது `tint.rgb`, `tint.a` இரண்டுமே சேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கினால், புகை மறைவதற்குப் பதில் கறுத்துப்போகும், இல்லாவிட்டால் மின்னும். அப்படி ஏதாவது தெரிந்தால் பிழை இந்த இடத்தில்தான்.

மேசைக் கணினி கேம்களைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனில் செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. நெருப்புக்கு மேலே காற்று அலையலையாக நெளிவதுபோல் காட்டுவது ஒன்று. புகை தரையைத் தொடும் இடத்தில் கோடு தெரியாமல் மென்மையாகக் கரையச் செய்வது மற்றொன்று. போனின் சிப் திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தைத் தனக்குள் இருக்கும் சிறு நினைவகத்திலேயே வரைந்து முடித்து, கடைசியில் ஒரே தடவை வெளியே எழுதும். நினைவகப் போக்குவரத்தும் பேட்டரியும் அதனால்தான் மிச்சமாகின்றன. காற்று நெளிய வேண்டுமென்றால் அதுவரை வரைந்த படம் வேண்டும்; மென்மையாகக் கரைய வேண்டுமென்றால் ஆழத் தகவல் வேண்டும். வழக்கமாக எஞ்சின்கள் இதைச் செய்யும் முறையில், பாதி வேலையில் எல்லாக் கட்டங்களையும் வெளியே எழுதிவிட்டு மறுபடி உள்ளே படிக்க வேண்டும். நாலு நெளிவுக்காக முழுத் திரையும் ஒரு நடை வெளியே போய் வருகிறது. தரையில் கோடு தெரிவதுதான் கவலை என்றால், புகையைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே பிறக்க வையுங்கள், தீர்ந்தது.

மந்திரம் தனி ரகம். முகாம் நெருப்பு மணிக்கணக்கில் எரியலாம். மந்திரம் இரண்டு நொடியில் முடியும். அந்த இரண்டு நொடிக்குள் பார்ப்பவர் அசந்துபோக வேண்டும். ஒரு தீக்கோள மந்திரத்தை எடுத்துக்கொண்டால், கையில் ஒளி திரள்வது சுமார் 0.4 நொடி, பறப்பது 0.6, வெடித்து அடங்குவது 0.8.

இங்கே பரப்புக் கணக்கோடு காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிதாக இருப்பது சட்டென்று முடிய வேண்டும். நீண்ட நேரம் இருப்பது சிறிதாக இருக்க வேண்டும். வெடிக்கும் கணத்தில் 600-க்கு 600 பிக்சலில் ஒரே ஒரு வெள்ளை மின்னல் துகளை வைக்கலாம். 3,60,000 பிக்சல் என்று பயப்பட வேண்டாம், அது இரண்டு மூன்று ஃபிரேமில் போய்விடும். அந்த ஒரு மின்னல் தரும் அதிர்வை முப்பது துகள் சேர்ந்தாலும் தராது. அதோடு சேர்ந்து எட்டுப் பத்துப் பொறிகள், போகும் திசையில் நீட்டி இழுத்தபடி. விரிந்து போகும் ஒரு வளையம். இதை முழுச் சதுரமாக வைத்தால் நடுவே காலியாக உள்ள பெரும் பரப்புக்கும் கூலி கொடுக்க வேண்டும். வளைய வடிவ மெஷ்ஷாகவே செய்துவிட்டால் ஒளிரும் பட்டைக்கு மட்டும்தான். கடைசியில் மூன்று நான்கு புகைத் துகள்.

கோளம் பறக்கும்போது பின்னால் வரும் வாலுக்குப் பலரும் நாற்பது துகளைக் கொட்டுவார்கள். கோளம் வேகமாகப் போனால் துகள்களுக்கிடையே இடைவெளி விழுந்து பாசிமணி கோத்ததுபோல் தெரியும். அதை மறைக்க இன்னும் துகள் சேர்ப்பார்கள். வாலுக்கு ஒரு ரிப்பன் போதும்: கோளம் போன பாதையில் நீளும் ஒரே பட்டை, அதன்மேல் பின்னோக்கி நகரும் ஒரு தீ டெக்ஸ்ச்சர். பட்டை தன்மேல் தானே விழாததால் ஓவர்டிரா கிட்டத்தட்ட இல்லை, இடைவெளியும் விழாது.

பனி மந்திரம், விஷ மந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் வரையவும் தேவையில்லை. எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, பிறக்கும் துகளுக்கு நிறம் பூசினால், ஒரே தாளிலிருந்து நீலப் பனியும் பச்சை விஷமும் வரும். வேறுபடுத்திக் காட்ட அசைவை மாற்றுங்கள்: தீ மேலே எழும், விஷம் தரையோடு தவழும், பனி வெளியே சிதறிக் கீழே விழும்.

மந்திரங்களில் மட்டும் வரும் ஒரு தனித் திணறல் உண்டு. முதல் தடவை மந்திரம் போடும்போது கேம் ஒரு கணம் உறைந்து, பிறகு எத்தனை தடவை போட்டாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். பரப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மந்திரத்தின் ஷேடரும் படமும் அந்த நொடியில்தான் முதன்முதலாகத் தயாராகின்றன. கேம் தொடங்கும் ‘லோடிங்’ திரைக்குப் பின்னால் எல்லா மந்திரங்களையும் யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை வரைந்துவிட்டால் இது போய்விடும். மந்திரம் போடும் ஒவ்வொரு தடவையும் சின்னதாக வெட்டினால் காரணம் வேறு: ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கி, முடிந்ததும் அழிக்கிறார்கள் என்று பொருள். முன்கூட்டியே ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு செய்து ஓரமாக வைத்து, வேண்டும்போது எடுத்து, முடிந்ததும் திரும்ப வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் மந்திரம் வீசும் சண்டையில், தூரத்தில் இருப்பவரின் மந்திரத்துக்குப் புகையையும் பொறியையும் வெட்டி, மின்னலையும் கோளத்தையும் மட்டும் விட்டுவிடலாம். யார் அடித்தார், எங்கே விழுந்தது என்று தெரிந்தால் போதும்.

ஆனால் எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதில் அழகோடு நியாயமும் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கிச் சண்டைக் கேமில் புகைக்குண்டு வீசுகிறார் ஒருவர், புகைக்குள் ஒளிந்துகொள்கிறார். எதிராளியின் மலிவுப் போனில், செலவு மிச்சம் என்று புகையைக் குறைத்துவிட்டால், அவருக்கு ஒளிந்திருப்பவர் பளிச்சென்று தெரிவார். பிறகு விலை உயர்ந்த போன் வைத்திருப்பவர்களும் வேண்டுமென்றே குறைந்த தரத்துக்கு மாற்றிக்கொண்டு விளையாடுவார்கள். மறைப்பதற்காக இருக்கும் புகைக்கு எல்லாப் போன்களிலும் ஒரே மறைப்பு இருக்க வேண்டும். ஐம்பது மெல்லிய துகளுக்குப் பதில் நன்றாக மறைக்கும் எட்டுப் பத்துத் துகளை வையுங்கள். புகையின் நடுவே முழுக்க மறைக்கும் ஒரு சாம்பல் மெஷ்ஷை வைத்து, ஓரத்தில் மட்டும் துகள்களைத் தூவினால் இன்னும் மலிவு. முழுக்க மறைக்கும் மெஷ், தனக்குப் பின்னால் இருப்பதை வரையும் செலவையும் மிச்சப்படுத்தும். பார்க்கக் கொஞ்சம் மொந்தையாக இருக்கும். ஆட்டம் நேர்மையாக இருக்கும். நான் நேர்மையின் பக்கம்.

கடைசியாகச் சோதனை. கேம் இழுக்கும்போது, பழி பரப்பின் மேலா எண்ணிக்கையின் மேலா என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். துகள் எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டு, அளவை மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். பார்க்கக் கேவலமாக இருக்கும், பரவாயில்லை. ஃபிரேம் வேகம் எகிறினால் குற்றவாளி பரப்பு. எகிறாவிட்டால், துகள்களை நகர்த்தும் கணக்கில், மோதல் சோதனையில், குவிந்த உத்தரவுகளில் தேடுங்கள். ஒவ்வொரு பொறியும் தரையில் மோதித் துள்ள வேண்டும் என்று யாராவது டிக் செய்து வைத்திருப்பார்கள். பொறி தரை மட்டத்துக்கு வந்ததும் கொன்றுவிடுங்கள். துள்ளவில்லை என்று யாரும் புகார் சொல்லப்போவதில்லை.

சோதிக்கும் போன் குளிர்ந்திருந்தால் விடை பொய்யாக வரும். மலிவுப் போன் சூடானதும் சேதாரத்தைத் தவிர்க்க, சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் இரண்டு நிமிடம் 60 ஃபிரேம் ஓடியது கால் மணி நேரம் கழித்து 40-க்கு இறங்கிவிடும். விளையாடுபவர் இரண்டு நிமிடத்தில் எழுந்து போவதில்லை. ஆகவே கேம் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கேம் ஓட வேண்டிய போன்களிலேயே மிக மலிவானதை வாங்கி, சார்ஜில் போட்டபடி இருபது நிமிடம் விளையாடி, கை சுடும்போது நெருப்பின் பக்கத்தில் போய் நின்று அளந்து பாருங்கள். அப்போது கிடைக்கும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.